தமிழில் நீளத்தை நியாயமாக அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கட்டுரைப் போட்டியில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே மாதிரி ‘1000 சொற்களுக்குள்’ என்று விதி வைத்திருக்கிறோம். இருவருக்கும் ஒரே எண்தானே, இதில் என்ன அநியாயம்?

எண் ஒன்றாக இருந்தாலும் எண்ணப்படுகிற பொருள் ஒன்றாக இல்லை. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவை எடுத்துக்கொள்வோம். அதன் தமிழ் வடிவம் ஆங்கில வடிவத்தின் அதே செய்தியைச் சொல்வதற்காகவே எழுதப்பட்டது என்பதால் ஒப்பீட்டுக்கு வசதியானது. தமிழ் வடிவம் இது:

“மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர், அவர்கள் மதிப்பிலும், உரிமைகளிலும் சமமானவர்கள், அவர்கள் நியாயத்தையும் மனச்சாட்சியையும் இயற்பண்பாகப் பெற்றவர்கள். அவர்கள் ஒருவருடனொருவர் சகோதர உணர்வுப் பாங்கில் நடந்துகொள்ளல் வேண்டும்.”

இதில் 21 சொற்கள் உள்ளன. இதே பிரிவு ஆங்கிலத்தில் 30 சொற்கள். அந்த 30 சொற்களில் 13 சொற்கள் மூன்று எழுத்தோ அதற்கும் குறைவோ கொண்டவை. நாம் ‘உம்’ என்றும் ‘இல்’ என்றும் சொல்லின் வாலில் ஒட்டிவிடுகிறவற்றை அங்கே தனித்தனிச் சொல்லாக எழுதுகிறார்கள். ‘மதிப்பிலும், உரிமைகளிலும்’ என்ற இரண்டு சொற்களுக்குள் வேற்றுமை உருபு இரண்டு முறையும் உம்மை இரண்டு முறையும் வந்துவிட்டன. அதே இடத்தில் ஆங்கிலம் நான்கு சொற்களைச் செலவிடுகிறது. மேலே உள்ள தமிழ்ப் பகுதியில் நான்கு எழுத்துக்குக் குறைந்த சொல் ஒன்றுகூட இல்லை.

ஆகவே, ஒரே விதியின் கீழ் தமிழில் எழுதுபவருக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. குறைந்தபட்ச வரம்பாக, ‘1000 சொற்களுக்குக் குறையாமல்’ என்று விதி இருந்தாலோ நிலைமை தலைகீழாகிவிடும். தமிழில் எழுதுபவர் அதே எண்ணைத் தொட ஆங்கிலத்தில் எழுதுபவரைவிட மிகுதியாகச் சொல்ல வேண்டியிருக்கும், அல்லது இழுத்து நீட்ட வேண்டியிருக்கும். பல்கலைக்கழக ஆய்வுச் சுருக்கங்களில் இரண்டாவது வகைச் சிக்கலைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சரி, இரு மொழிகளை ஒப்பிட வேண்டாம். போட்டி தமிழுக்குள் மட்டும் என்றால் சொல் எண்ணிக்கை போதுமா?

போதாது. என் கணிப்பில் இதுதான் பெரிய சிக்கல், ஆனால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. தமிழில் எங்கே இடைவெளி விடுவது என்பதில் எல்லாரும் ஏற்ற ஒரே வழக்கம் இல்லை. துணைவினைகளை ஒருவர் சேர்த்தெழுதுகிறார், இன்னொருவர் பிரித்தெழுதுகிறார். ஒரே நாளிதழின் இரண்டு பக்கங்களிலேயே இரண்டு வழக்கங்களையும் பார்க்கலாம்.

ஒரு தொடரை இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். ‘செய்துகொண்டிருக்க வேண்டியிருந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதினால் 3 சொற்கள். ‘செய்து கொண்டு இருக்க வேண்டி இருந்ததாகச் சொல்லப் படுகிறது’ என்று எழுதினால் 7 சொற்கள். பொருளில் ஓர் இம்மியும் மாறவில்லை, சொல்லின் எண்ணிக்கை மட்டும் இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. எழுத்துகளை எண்ணினாலோ முதல் வடிவத்தில் 28, இரண்டாவதில் 29. ‘கொண்டு’ என்பதன் கடைசி உகரம் புணர்ச்சியில் கெடுவதால் வந்த வேறுபாடு அந்த ஓர் எழுத்து.

எல்லாத் தொடர்களும் இவ்வளவு விரியாது என்பது உண்மைதான். பெயர்ச்சொற்கள் நிறைந்த கட்டுரையில் வேறுபாடு குறைவாகவும், வினைகள் அடுக்கிவரும் கதையிலும் செய்தியிலும் அதிகமாகவும் இருக்கும். ஆனால் வரம்பைக் கடந்துவிட்ட ஒருவர், ஒரு கருத்தையும் வெட்டாமல், இடைவெளிகளை மட்டும் அழித்து உள்ளே வந்துவிட முடிகிற அளவுகோல் போட்டிக்கு உதவாது. இப்படிச் செய்பவர்களைப் பிழை சொல்லவும் முடியாது, ஏனென்றால் சேர்த்தெழுதுவது இலக்கணப்படி சரியே.

அப்படியானால் எதைத்தான் எண்ணுவது?

எழுத்துகளை. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் எண்ணுவதில்லை. பள்ளியில் ‘தமிழ்’ என்பது எத்தனை எழுத்து என்று கேட்டால் குழந்தை ‘மூன்று’ என்று சொல்லுமே, அந்தக் கணக்குத்தான்.

முதல் பிரிவுக்கே திரும்புவோம். அந்த 21 தமிழ்ச் சொற்களிலும் சேர்த்து 132 எழுத்துகள் உள்ளன. ஆங்கில வடிவத்தின் 30 சொற்களில் 139 எழுத்துகள். சொல் கணக்கில் தமிழ் ஆங்கிலத்தின் பத்தில் ஏழு பங்காகத் தெரிந்தது, எழுத்துக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன. இந்த நெருக்கத்தை ஒரு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழின் உயிர்மெய் ஒரு மெய்யையும் ஓர் உயிரையும் சேர்த்துச் சுமக்கிறது, ஆங்கில எழுத்து அப்படிச் சுமப்பதில்லை. இரண்டும் வேறு வேறு அலகுகள், இந்தப் பகுதியில் தற்செயலாக அருகருகே வந்திருக்கின்றன. தமிழுக்குள் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட எழுத்துக் கணக்கு நம்பகமானது என்பது மட்டுமே இங்கே என் வாதம்.

எழுத்துக் கணக்குக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ‘ஆய்வு செய்தார்கள்’ என்பதும் ‘ஆய்வினை மேற்கொண்டார்கள்’ என்பதும் சொல் கணக்கில் சமம், இரண்டும் இரண்டிரண்டு சொற்கள். எழுத்துக் கணக்கில் முதலாவது 9, இரண்டாவது 12. ‘ஆய்ந்தார்கள்’ என்று எழுதினால் 7. சொல் வரம்பில் பூச்சு நடைக்குச் செலவே இல்லை; எழுத்து வரம்பு வந்தால் ‘மேற்கொள்ளுதல்’, ‘அடிப்படையில்’ போன்றவற்றுக்கு எழுதுபவரே தன் இடத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். தொகுப்பாசிரியர்கள் பலகாலமாகச் சிவப்பு மையில் செய்துவந்த வேலையில் பாதியை விதியே செய்துவிடுகிறது.

யாப்பிலக்கணத்தில் எழுத்தெண்ணும்போது ஒற்றைச் சேர்ப்பதில்லையே. நாமும் புள்ளி எழுத்துகளை விட்டுவிட வேண்டாமா?

நல்ல கேள்வி, இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. செய்யுளடியின் எழுத்தை எண்ணும்போது மெய்யை நீக்கி எண்ணுவது பழைய மரபு. தொல்காப்பியம் குறளடி 4 முதல் 6 எழுத்து, சிந்தடி 7 முதல் 9, அளவடி 10 முதல் 14 என்று வகுத்தது அந்தக் கணக்கில்தான். கட்டளைக் கலித்துறையின் ஓர் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்பதும் ஒற்றை நீக்கிய எண்ணிக்கையே. நீளத்தை எழுத்தால் அளப்பது இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பதில்.

உரைநடைக்கு ஒற்று நீக்கிய கணக்கைக் கொண்டுவந்தால் ஒரு வசதி இருக்கிறது. வல்லினம் மிகும் இடங்களை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ‘மனச்சாட்சி’ என்று ஒருவரும் ‘மனசாட்சி’ என்று இன்னொருவரும் எழுதுகிறார்கள். வேற்றுமை உருபுக்குப் பின் வலி மிகுவிப்பதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஒற்றை எண்ணினால், சந்தியை ஒழுங்காக இட்டவருக்கு ஓரிரு விழுக்காடு அளவில் நீளம் கூடி, பிழையாக எழுதியவருக்கு இடம் மிச்சமாகிறது. ஒற்றை நீக்கினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ஆனாலும் போட்டிக்கும் இதழுக்கும் ஒற்றைச் சேர்த்து எண்ணுவதையே நான் பரிந்துரைக்கிறேன். காரணம், புள்ளி எழுத்தும் தாளில் இடம் பிடிக்கிறது, வாசகர் கண்ணும் அதைக் கடந்தே செல்கிறது. மேலே காட்டிய பகுதியின் 132 எழுத்துகளில் 39 மெய்யெழுத்துகள். அவற்றை நீக்கினால் 93. ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கை இல்லாததாகப் பாவித்துவிட்டு அச்சுப் பக்கத்தைத் திட்டமிட முடியாது. குரல் பதிவுக்கு எழுதும்போது மட்டும் ஒற்று நீக்கிய எண் பயன்படும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். எந்தக் கணக்கைக் கொண்டாலும் அதை விதியிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கட்டுரைக்கு இருவர் இரண்டு எண்களோடு வந்து நிற்பார்கள்.

கணினியிலேயே ‘கேரக்டர்’ எண்ணிக்கை வருகிறதே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கணினி எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறிகளை. ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது; ஆகவே சொற்செயலியும் விரிதாளின் `LEN` சார்பும் 5 என்றே காட்டும். மனித உரிமைப் பிரகடனப் பகுதியில், இடைவெளியும் நிறுத்தக்குறியும் போக, 132 எழுத்துகள் 212 குறிகளாகின்றன. இதை அறியாமல் ‘6000 கேரக்டருக்குள்’ என்று விதி வைத்த இதழாசிரியர், தான் நினைத்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே பெற்றுக்கொள்வார்.

பெருக்கியோ வகுத்தோ இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், தோராயமாக முடியும், நியாயமாக முடியாது. அகர உயிர்மெய்க்கு ஒரு குறி, ஏனைய உயிர்மெய்க்கும் மெய்க்கும் இரண்டு குறிகள். ‘சகல’ என்பது மூன்று எழுத்து, மூன்று குறி. ‘வேண்டும்’ நான்கு எழுத்து, எட்டுக் குறி. எந்தச் சொற்களைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறுகிறது. இதோடு, பழைய விசைப்பலகைகளில் தட்டச்சிட்ட ‘கொ’ சில நேரம் இரண்டு குறிகளாகவும் சில நேரம் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் பிரிந்து மூன்று குறிகளாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், எண்ணிக்கை மட்டும் மாறும்.

நல்லவேளையாக, சரியாக எண்ணுவது மிகவும் எளிது. தமிழ் எழுத்து எதுவானாலும் அதில் அடிக்குறி ஒன்றே ஒன்றுதான் இருக்கும்: தனி உயிர், ஆய்தம், அல்லது ஒரு மெய்யின் உரு. கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் அதன்மேல் ஏறுபவை. ஆகவே ஆய்தத்தையும் அ முதல் ஹ வரையுள்ள உருக்களையும் மட்டும் எண்ணினால் எழுத்து எண்ணிக்கை வந்துவிடும். பைத்தானில்:

```python
import re

def எழுத்து(உரை):
    return len(re.findall("[ஃஅ-ஹ]", உரை))

def ஒற்று(உரை):
    return உரை.count("்") + உரை.count("ஃ")
```

முதல் சார்பின் விடையிலிருந்து இரண்டாவதன் விடையைக் கழித்தால் யாப்பு மரபுப்படி ஒற்று நீக்கிய எண் கிடைக்கும். கூகுள் விரிதாளில் இதையே ஒரே வரியில் எழுதலாம்:

```
=LEN(REGEXREPLACE(A1,"[^ஃஅ-ஹ]",""))
```

மேலே உள்ள பகுதியைக் கொடுத்து 132 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் எண்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் சதுர அடைப்புக்குள் `0-9A-Za-z` என்பதையும் சேர்க்க வேண்டும். இந்த முறை க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒவ்வொன்றும் இரண்டெழுத்தாக எண்ணும். அதனால் கட்டுரைக்குக் கட்டுரை ஐந்தாறு எழுத்து மாறலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ‘ஔ’ என்பதற்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அருகருகே தட்டச்சிட்டிருந்தால் இரண்டாக எண்ணும். அது கணக்கின் பிழையல்ல, தட்டச்சின் பிழை.

எழுத்து மேலோட்டமான அளவு. உண்மையில் பொருள் தரும் உறுப்புகளைப் பிரித்து எண்ணினால் இன்னும் நியாயமாக இருக்காதா?

கோட்பாட்டில் அழகான யோசனை, மொழியியல் ஆய்வில் அதற்கு இடமும் உண்டு. நடைமுறை விதியாக அது நிற்காது, ஏனென்றால் எங்கே பிரிப்பது என்பதில் இருவர் ஒத்துப்போவது கடினம்.

பள்ளிக்கூட எடுத்துக்காட்டான ‘வந்தனன்’ என்பதையே பாருங்கள். நன்னூல் வழிப்படி அது வா, த், த், அன், அன் என்று பிரியும்: பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி. பகுதி ‘வ’ எனக் குறுகியதும், சந்தித் தகரம் ‘ந்’ ஆனதும் விகாரம். இதை ஐந்து உறுப்பு என்று எண்ணுவதா? சந்தியும் சாரியையும் தமக்கெனப் பொருள் தருவன அல்ல என்று கழித்து மூன்று என்பதா? மொழியியல் படித்தவர் ‘வந்த்’ என்பதை இறந்தகால அடியாகவே கொண்டு வேறு கணக்குச் சொல்லலாம். ஐந்து எழுத்துள்ள சொல்லுக்கே இத்தனை வழக்கு என்றால், ஆயிரக்கணக்கான எழுத்துள்ள கட்டுரையை நடுவர் எப்படி எண்ணுவார்? தன் கட்டுரை எவ்வளவு நீளம் என்று எழுதுபவருக்கும் முன்கூட்டித் தெரியாது. விதி என்பது இரண்டு பேர் தனித்தனியே அளந்தாலும் ஒரே எண் வரவேண்டியது. எழுத்துக்கு அது இருக்கிறது, உறுப்புக்கு இல்லை.

மொழிபெயர்ப்பில் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்தால் குறைவாகக் கிடைக்கிறதே, இதை எப்படிப் பேசுவது?

கூலியை மூல உரையின் சொல்லுக்குக் கணக்கிடும்போது நேர்வதுதான் இது. சொல்லுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன பிரிவை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவருக்கு 30 சொல்லுக்கு 60 ரூபாய். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவருக்கு 21 சொல்லுக்கு 42 ரூபாய். உழைப்பும் செய்தியும் ஒன்று, கூலியில் 18 ரூபாய் குறைவு. கூலியைப் பெயர்ப்பின் சொல்லுக்குக் கணக்கிட்டால் இதே குறைவு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்பவர் தலையில் விழும்.

எளிதான தீர்வு, எந்தத் திசையில் செய்தாலும் ஆங்கிலப் பக்கத்தின் சொல்லையே எண்ணுவது என்று ஒப்பந்தத்தில் எழுதுவது. அதில் ஒரு சிக்கல் உண்டு: தமிழிலிருந்து செய்யும்போது ஆங்கிலப் பக்கம் மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கிறது, வேலை முடியும்வரை தொகை தெரியாது, வளவளவென்று பெயர்ப்பவருக்குக் கூடுதல் பணம் போகும். ஆகவே தமிழ் மூலத்துக்குத் தனியாக எழுத்துக்கு ஒரு விலை பேசுவதே மேல். மேலே உள்ள கணக்கில் 60 ரூபாயை 132 எழுத்துக்குப் பங்கிட்டால் எழுத்துக்கு ஏறக்குறைய 45 காசு வருகிறது. ஒரே ஒரு பத்தியிலிருந்து விலை வைக்கக் கூடாது. நீங்கள் இதுவரை செய்த வேலைகளில் சட்டம், மருத்துவம், விளம்பரம் என்று துறைவாரியாகச் சில பக்கங்களை எடுத்து, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை தமிழ் எழுத்து வருகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். இந்தப் பத்தியில் அது 4.4.

தேர்ந்தெடுக்கும் பக்கங்களில் இரண்டு திசைகளிலும் செய்தவை இருக்க வேண்டும். பெயர்ப்பு பெரும்பாலும் மூலத்தைவிடச் சற்று விரியும், ஏனென்றால் மூலத்தில் தொக்கி நிற்பதைப் பெயர்ப்பவர் வெளிப்படையாக எழுதிவிடுகிறார். ஆங்கிலத்திலிருந்து வந்த தமிழை மட்டும் அளந்தால் தமிழ் உண்மையைவிட நீளமாகத் தெரியும்.

போட்டி அறிவிப்பில் விதியை எந்த வாசகத்தில் எழுதுவது? ‘4400 எழுத்து’ என்றால் யாருக்கும் புரியாதே.

முதலில் புரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நூறு சொல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எல்லாருக்கும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது, நூறு எழுத்துக்கு அது இன்னும் பழகவில்லை. ஆகவே இரண்டையும் எழுதிவிடலாம், எது கட்டுப்படுத்தும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘கட்டுரை 4400 எழுத்துக்கு மேற்படக் கூடாது, இது ஏறத்தாழ 700 சொற்கள். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம், இலக்கம் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகக் கொள்ளப்படும். இடைவெளியும் நிறுத்தக்குறியும் எண்ணப்படா. இறுதி முடிவு எழுத்து எண்ணிக்கையைக் கொண்டே’ என்று எழுதினால் போதும்.

எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் முக்கியம். மேலே உள்ள 4400, ஆங்கிலப் போட்டியின் 1000 சொல்லை 4.4 ஆல் பெருக்கியது. அதுவும் ஒரே பத்தியிலிருந்து வந்த விகிதம். உங்கள் போட்டி சில ஆண்டுகளாக நடக்கிறது என்றால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. நீளம் சரியாக இருந்தது என்று நடுவர்கள் கருதிய பழைய கட்டுரைகளில் ஒரு பத்துப் பன்னிரண்டை எடுத்து, எழுத்துகளை எண்ணி, நடுவில் நிற்கும் எண்ணை வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சேர்த்தெழுதுபவர்களும் பிரித்தெழுதுபவர்களும் இருந்தால், சொல் எண்ணிக்கை எவ்வளவு அகலமாகச் சிதறுகிறது என்பதையும் அப்போதே கண்ணால் பார்த்துவிடலாம்.

‘ஒரு வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது’ என்கிறார்கள். தமிழுக்கும் அது பொருந்துமா? வாசிப்பு எளிமையைக் கணக்கிடும் சூத்திரங்கள்?

இவை ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட அளவுகள். 20 தமிழ்ச் சொல் என்பது, மேலே உள்ள விகிதத்தில், 28 அல்லது 29 ஆங்கிலச் சொல்லின் சுமை. ஆகவே அந்த வரம்பு தமிழில் மிகவும் தளர்ந்துவிடுகிறது.

சூத்திரங்களின் நிலை இன்னும் மோசம். ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட வாசிப்பு எளிமைச் சூத்திரம் இது:

```
206.835 − 1.015 × (சொல் ÷ வாக்கியம்) − 84.6 × (அசை ÷ சொல்)
```

இங்கே ‘அசை’ என்பது ஓர் உயிரொலியைக் கொண்ட ஒலித்துண்டு, யாப்பின் நேர், நிரை அல்ல. 60 முதல் 70 வரை வந்தால் சாதாரண வாசகருக்கு எளிது என்று பொருள். மனித உரிமைப் பிரகடனத்தின் ஆங்கில முதல் பிரிவில் 2 வாக்கியம், 30 சொல், 44 அசை, மதிப்பெண் 67.5 வருகிறது. தமிழில் ஒற்று நீக்கிய எழுத்தே அசை எண்ணிக்கை, அதாவது 93. 2 வாக்கியம், 21 சொல் என்று போட்டுப் பார்த்தால் விடை கழித்தல் 178.5. இந்த எண்ணை நம்பினால் தமிழை யாரும் படிக்கவே முடியாது. தமிழ்ச் சொல்லில் உருபுகள் ஏறியிருப்பதைச் சூத்திரம் ‘கடினமான நீண்ட சொல்’ என்று புரிந்துகொள்கிறது. சில இணையக் கருவிகள் எந்த மொழி உரையைக் கொடுத்தாலும் இப்படி ஓர் எண்ணைத் தந்துவிடுகின்றன. தமிழுக்கு அதைப் பார்க்கவே வேண்டாம்.

வாக்கிய நீளத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்றால், முற்றுவினைக்கு முன் எத்தனை வினையெச்சமும் பெயரெச்சமும் வரலாம் என்று வரையறுப்பது பயனுள்ளது. தமிழ் வாக்கியத்தில் வாசகரைத் திணறடிப்பது கடைசி வினைக்காகக் காத்திருக்கும் நேரமே.

குரல் பதிவுக்கு எழுதுகிறேன். ஆங்கிலத்தில் 60 விநாடிக்கு எழுதியதைத் தமிழில் எத்தனை எழுத்துக்குள் அடக்க வேண்டும்?

இரு மொழிகளின் அசையை ஒப்பிட்டு நேரத்தைக் கணக்கிட வேண்டாம். மேலே பார்த்தபடி தமிழில் 93, ஆங்கிலத்தில் 44 என்பதால் இரு மடங்கு நேரம் ஆகும் என்று தோன்றும், ஆனால் அப்படி ஆவதில்லை. தமிழ் அசைகளில் பல ‘ரு’, ‘வ’, ‘டு’ போன்ற குறில்கள், நாக்கு அவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறது.

தமிழுக்குள் ஒரு பிரதியை இன்னொன்றோடு ஒப்பிட ஒற்று நீக்கிய எண் நன்றாகவே உதவும். குரல் கொடுப்பவரைக் கொண்டு ஒரு பத்தியை இயல்பான வேகத்தில் படிக்கச் செய்து, நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்று ஒரு முறை அளந்துகொண்டால், மற்றப் பிரதிகளை அந்த எண்ணால் வகுத்து நேரத்தை முன்கூட்டிச் சொல்லலாம். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை என்று மாத்திரையை எண்ணுவது இன்னும் துல்லியம் தரும் என்று நினைப்பவர்கள் உண்டு. குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறைவதும், சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரம் குறுகுவதும் கணக்கில் வந்தாக வேண்டும் என்பதால், கையால் எண்ணுவதற்கு அது கொடுக்கும் பலனைவிட வேலை அதிகம். எண்கள் இருந்தால் கவனம் தேவை: ‘1948’ என்று எழுதினால் நான்கு இலக்கம், வாயால் சொன்னால் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு’. பதிவுப் பிரதியில் எண்ணைச் சொல்லாக எழுதிவிட்டு எண்ணுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பும்போதும் எழுத்துக் கணக்கையே பார்க்கலாமா?

அங்கே மட்டும் வேண்டாம். அங்கே கட்டணம் யூனிகோட் குறிகளுக்குத்தான். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும், தமிழில் ஒரே ஓர் எழுத்து இருந்தாலும் முழுச் செய்திக்கும் வரம்பு 70 ஆகிவிடும். நீண்ட செய்தி பிரிந்து செல்லும்போது ஒரு துண்டுக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67. மேலே உள்ள பகுதி இடைவெளி, நிறுத்தக்குறி உட்பட 237 குறிகள் என்பதால் நான்கு துண்டுகளாகப் போகும். 170 குறிகள் கொண்ட ஆங்கில வடிவம் இரண்டு துண்டுகளில் முடிந்துவிடும். இடைவெளியும் ஒரு குறி என்பதால், சேர்த்தெழுதுவது உண்மையிலேயே செலவைக் குறைக்கும் இடம் இது.